கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?

காலை எட்டு மணிக்கு டிஜாக்ஸின் மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒன்பதரைக்கு லேபில் கையை நீட்டுகிறார் எழுபது வயது இதய நோயாளி ஒருவர். மாலையில் ரிப்போர்ட் வருகிறது: மில்லிலிட்டருக்கு 2.2 நானோகிராம். பக்கத்தில் ‘அதிகம்’ என்ற குறி. இரண்டுக்கு மேல் போனால் நச்சு அளவு என்று எங்கோ படித்த மகனுக்குக் கை நடுங்குகிறது. பெரியவரோ காலையில் நான்கு இட்லி சாப்பிட்டிருக்கிறார், நாடித்துடிப்பு 72, குமட்டல் இல்லை. மறுநாள் மாத்திரை போடும் முன் மீண்டும் ரத்தம் எடுத்தால் 0.8 என்று வருகிறது.

இப்படி நடப்பது அபூர்வமல்ல. லேபின் மீதும் தவறில்லை, இரண்டு எண்ணுமே சரிதான். விழுங்கிய டிஜாக்ஸின் முதலில் ரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்து இதயத் தசைக்கும் உடலின் மற்றத் தசைகளுக்கும் போய்ச் சேர அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் ரத்தம் எடுத்தால், வழியில் போய்க்கொண்டிருக்கும் மருந்தைத்தான் அளக்கிறோம். இதயத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. அதனால்தான் மாத்திரை போட்டு ஆறு மணி நேரமாவது கழிய வேண்டும் என்கிறார்கள். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் எடுப்பது இன்னும் நல்லது. மருந்தின் அளவை மாற்றியிருந்தால், புதிய அளவு உடலில் நிலைபெற ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகும்.

சரியான நேரத்தில் எடுத்த எண்ணும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. இதயச் செயலிழப்புக்கு டிஜாக்ஸின் எடுப்பவர்களுக்கு 0.5 முதல் 0.9 வரை போதும் என்பது இன்றைய கணக்கு. இரண்டைத் தாண்டினால் நச்சு என்பது பொதுவான எல்லை. ஆனால் அது சுவர் அல்ல. கால் வீக்கத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் குறைந்துபோகும். இதயச் செல்லில் டிஜாக்ஸின் ஒட்டும் இடத்துக்குப் பொட்டாசியமும் போட்டி போடுகிறது. போட்டி குறைந்தால் மருந்து கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்கு 1.5 அளவிலேயே இதயத் துடிப்பு தடம் புரளலாம். ‘சோறே பிடிக்கவில்லை’ என்று தட்டைத் தள்ளிவைப்பது, குமட்டல், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவது, நாடி மெதுவாகவோ தாறுமாறாகவோ ஓடுவது ஆகியவைதான் அடையாளங்கள். ரிப்போர்ட்டோடு ஈ.சி.ஜி.யையும் பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியத்துக்கும் கடிகாரம் உண்டு, இன்னும் கறாராக. இரவு ஒன்பதுக்கு மாத்திரை என்றால் காலை ஒன்பதுக்கு ரத்தம்: பன்னிரண்டு மணி நேரம். காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை என்ற வழக்கமான எல்லையே இந்தப் பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் வகுத்ததுதான். லேபில் கூட்டம் என்று மதியம் ஒரு மணிக்கு எடுத்தால் எண் குறைவாகக் காட்டும். அதை நம்பி மருந்தைக் கூட்டினால் ஆபத்து. இன்னொரு பொறியும் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் தடவிய பச்சை மூடிக் குழாயில் எடுத்துவிட்டால், குழாயிலுள்ள லித்தியமும் சேர்ந்து எண் பொய்யாக எகிறும்.

லித்தியம் 1.5ஐத் தாண்டினால் எச்சரிக்கை. ஆனால் அதே எண் எல்லோருக்கும் ஒன்றல்ல. பல வருடம் சாப்பிடுகிற பெண்மணிக்குக் கோடையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, கூடவே மூட்டு வலிக்கு ஐபுப்ரூஃபென் என்று வையுங்கள். உப்பை இழந்த சிறுநீரகம் மிச்ச உப்பைப் பிடித்துவைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். வலி மாத்திரையும் அது வெளியேறுவதைத் தடுக்கும். இவருடைய மூளையில் மருந்து ஏற்கெனவே ஊறிக் கிடப்பதால் 1.8இலேயே கை உதறும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். புதிதாக ஒரே தடவையில் அதிகம் விழுங்கிவிட்டவருக்கோ 3 இருந்தும் முதல் சில மணி நேரம் தெளிவாகவே இருக்கலாம், ஏனென்றால் லித்தியம் மூளைக்குள் மெதுவாகத்தான் நுழையும். அதனால் அவருக்குச் சில மணிக்கொரு தடவை அளந்துகொண்டே இருப்பார்கள்.

நச்சு என்ற சந்தேகம் வந்துவிட்டால் ஆறு மணி, பன்னிரண்டு மணி என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ரத்தமும் உடனே எடுப்பார்கள். மற்ற நாட்களில், லேப் சீட்டின் மேல் இரண்டு நேரத்தை எழுதச் சொல்லிக் கேளுங்கள்: கடைசி மாத்திரை போட்டது எத்தனை மணிக்கு, ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு.