கூகுள் மேப்பில் கடை: மூன்று பொத்தான்களும் விளம்பரக் கணக்கும்

கூகுள் தேடலிலோ மேப்ஸிலோ ஒரு கடையின் பெயரைப் போட்டால், படம், முகவரி, திறக்கும் நேரம் எல்லாம் சேர்ந்து வரும் பக்கத்துக்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்று பெயர். 2021 நவம்பரில் பெயர் மாறும் வரை அது கூகுள் மை பிசினஸ். அந்தப் பக்கத்தில் போன் செய்ய ஒரு பொத்தான், வழி கேட்க ஒன்று, கடையின் இணையதளத்துக்குப் போக ஒன்று இருக்கும். ஒவ்வொன்றும் எத்தனை முறை பயன்பட்டது என்பதை உரிமையாளர் Performance என்ற பகுதியில் மாதவாரியாகப் பார்க்கலாம். விளம்பரம் போட்ட பிறகு இந்த எண்கள் ஏறினால், அந்த ஏற்றம் முழுவதையும் விளம்பரத்தின் பலனாக எழுதிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எண்கள் எதை எண்ணுகின்றன என்று பார்த்தால் அது அவசரம் என்று தெரியும்.

'அழைப்பு' என்று அங்கே வரும் எண், போன் பொத்தானை அழுத்தியதைத்தான் குறிக்கிறது. மணி அடித்ததா, யாராவது எடுத்தார்களா, பேச்சு நடந்ததா என்பது அதில் இல்லை. கடை மூடிய பிறகு வந்த மிஸ்டு காலும் அதில் ஒன்று. மாறாக, கம்ப்யூட்டர் திரையில் எண்ணைப் பார்த்துக் கைபேசியில் தானே டயல் செய்தவர் கணக்கில் வருவதில்லை. 'வழி' கேட்டவர்களின் எண்ணிக்கையில் ஒரே ஆள் பலமுறை அழுத்துவதைக் கூகுள் கழித்துவிடுகிறது. ஆனாலும் வழி கேட்டவர் வந்து சேர்ந்தாரா என்பது அதில் தெரியாது. எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு விட்டவரும், பார்சல் கொண்டுவரும் கூரியர்காரரும் அதே எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். இணையதள எண்ணும் அப்படியே: இணைப்பைத் தொட்டவர், பக்கம் திறப்பதற்குள் மூடியிருக்கலாம்.

இது போதாதென்று, விளம்பரக் கணக்கில் இதே மூன்றும் இன்னொரு முறை தோன்றும். கூகுள் ஆட்ஸில் கடையின் முகவரியை விளம்பரத்தோடு இணைத்தால், Clicks to call, Local actions - Directions, Local actions - Website visits என்ற பெயர்களில் கன்வெர்ஷன்கள் தாமாகவே உருவாகிவிடுகின்றன. ப்ரொஃபைலில் தெரிவது, விளம்பரம் வழியா வேறு வழியா என்று பிரிக்காத மொத்தம். விளம்பரக் கணக்கில் தெரிவதோ, விளம்பரத்தைப் பார்த்தோ தொட்டோ வந்தவர்கள் என்று கூகுள் கருதுபவர்களின் செயல் மட்டும். தேடல் விளம்பரத்திலேயே இருக்கும் போன் பொத்தானை ஒருவர் அழுத்தினால் அது ப்ரொஃபைல் பக்கத்துக்கே போகாமல் முடிந்துவிடும். இரண்டையும் கூட்டுவது தவறு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து 'இலவசமாக வந்தது இவ்வளவு' என்று சொல்வதும் தவறுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது பிடிபடும். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. திருச்சி தில்லை நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. ஜூலையில் விளம்பரம் இல்லை; ப்ரொஃபைலில் அழைப்பு 90, வழி 140, இணையதளம் 60. ஆகஸ்டில் 12,000 ரூபாய்க்கு விளம்பரம். அழைப்பு 108, வழி 167, இணையதளம் 70. விளம்பரக் கணக்கு காட்டும் கன்வெர்ஷன்கள் 140: அழைப்பு 40, வழி 78, இணையதளம் 22. ஏஜென்சி அனுப்பும் அறிக்கையில் இந்த 140தான் இருக்கும். ஒரு கன்வெர்ஷனுக்கு 86 ரூபாய் என்று படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ப்ரொஃபைலில் கூடியது 18, 27, 10. ஆக 55 மட்டுமே. அதை வைத்து வகுத்தால் ஒன்றுக்கு 218 ரூபாய். 140க்கும் 55க்கும் இடைவெளி வர முக்கியக் காரணம், கடையின் பெயரையே தேடி வந்தவர்கள். விளம்பரம் இல்லாவிட்டால் அவர்கள் கீழே இருக்கும் இலவசப் பக்கத்தைத் தொட்டிருப்பார்கள். மேலே விளம்பரம் நின்றதால் அதைத் தொட்டார்கள். ஏற்கெனவே கண்ணாடி ஆர்டர் கொடுத்தவர் பில்லைத் தேடி எடுப்பதைவிட கூகுளில் கடைப் பெயரை அடிப்பது சுலபம். "சார், கண்ணாடி ரெடியாயிடுச்சா?" என்று கேட்கத்தான் அவர் போன் செய்கிறார். அந்தக் கேள்விக்கும் விளம்பரக் காசு போகிறது, கன்வெர்ஷனும் ஒன்று ஏறுகிறது.

218 ரூபாயையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டும் 31 நாள் மாதங்கள் என்பதால் நாள் கணக்கில் வித்தியாசம் இல்லை. ஆனால் பக்கத்துக் கடை மூடியிருக்கலாம், அருகில் ஒரு பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடந்திருக்கலாம். இதைச் சரிபார்க்கக் கடையின் பில் புத்தகத்தைவிட நல்ல சாட்சி இல்லை. புதிதாக வந்தவர்களின் முதல் பில் ஜூலையில் 48, ஆகஸ்டில் 61 என்றால் கூடுதல் 13. செலவை வகுத்தால் ஒரு புது வாடிக்கையாளருக்கு சுமார் 923 ரூபாய். ஒரு கண்ணாடியில் சராசரியாக 1,000 ரூபாய் நிற்கிறது என்றால், அந்த மாதம் விளம்பரம் தன் செலவை மட்டும் மீட்டுக்கொண்டிருக்கிறது. 86 ரூபாயைப் பார்த்துத் தோன்றியதுபோல அள்ளிக் கொடுக்கவில்லை. புதியவர் திரும்ப வருவாரா என்பது வேறு கணக்கு.

பில் போடும்போது 'புதியவரா, எப்படித் தெரிய வந்தது?' என்ற கேள்வியையும், போன் எடுக்கும்போது விசாரணையா, பழைய ஆர்டரா என்ற குறிப்பையும் ஒரு நோட்டில் எழுதினால் இந்தக் கணக்கைப் போடலாம். வாடிக்கையாளர்கள் சொல்லும் பதில் துல்லியமாக இருக்காது. 'கூகுள்ல பார்த்தேன்' என்பவருக்கு அது விளம்பரமா இல்லையா என்பது தெரிந்திருக்காது. இருந்தாலும் பழையவரையும் புதியவரையும் பிரிக்க அதுவே போதும்.

இணையதளக் கிளிக்கைப் பிரிப்பது இன்னும் எளிது. ப்ரொஃபைலில் கொடுக்கும் முகவரிக்குப் பின்னால் ஓர் ஒட்டுச்சீட்டைச் சேர்த்துவிட்டால், கூகுள் அனலிட்டிக்ஸில் அந்த வருகை தனியாகத் தெரியும்:

```
?utm_source=google&utm_medium=organic&utm_campaign=gbp
```

இது இல்லாவிட்டால் ப்ரொஃபைல் வழியாக வந்தவர் சாதாரணத் தேடலில் வந்தவர்களோடு கலந்துவிடுவார். விளம்பரத்தின் இணைப்பில் இதே சீட்டைப் போடக்கூடாது. ஆட்ஸ் தன் அடையாளத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

தவறான வாசிப்பின் விளைவு அறிக்கையோடு நிற்பதில்லை. ஏலத்தைக் கூகுளின் தானியங்கி முறையிடம் விட்டிருந்தால், கணக்கின் இலக்குகளாக எவை குறிக்கப்பட்டிருக்கின்றனவோ அவற்றை மலிவாகக் கொண்டுவரும் இடத்தை நோக்கித்தான் பணம் நகரும். கண் பரிசோதனைக்கு நேரம் பதிவு செய்பவரும், வழியை ஒரு முறை அழுத்திப் பார்ப்பவரும் சம மதிப்பில் நின்றால், இயந்திரம் மலிவான இரண்டாமவரைத்தான் தேடிப் பிடிக்கும். மாதத்துக்கு மாதம் கன்வெர்ஷன் ஏறும், பில் எண்ணிக்கை அசையாது. அந்த அறிகுறி தெரிந்தால், ஆட்ஸில் Goals பகுதியைத் திறந்து, Get directions போன்ற இலக்குகள் ஏலத்துக்கு அடிப்படையாக வைக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவற்றை அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டால், All conversions என்ற நெடுவரிசையில் மட்டும் தெரியும். அப்போது அறிக்கையின் முதல் எண் சட்டென்று சிறுத்துப்போகும்; விளம்பரம் கெட்டுவிட்டது என்று எண்ணி அன்றே திரும்ப மாற்றிவிடக் கூடாது. தானியங்கி முறை புதிய இலக்குக்குப் பழகச் சில வாரம் எடுக்கும்.