பிரஷர் நார்மல், ரத்தம் குறைவு

பைக்கிலிருந்து விழுந்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெளியே வெறும் சிராய்ப்புதான். உள்ளே மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. எடை 60 கிலோ. கிலோவுக்கு 70 மில்லி என்று வைத்தால், அவர் உடலில் இருப்பது சுமார் 4.2 லிட்டர் ரத்தம்.

முதல் 600 மில்லி போகும்வரை பெரிதாக எதுவும் தெரியாது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் சில நொடிகளிலேயே மூளைக்குச் சேதி சொல்லிவிடும். சிரைகள் இறுகித் தம்மிடம் தேங்கிய ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளும். தோலுக்கும் குடலுக்கும் போகும் நுண்தமனிகள் சுருங்கும்.

இந்தச் சுருக்கத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. நுண்தமனி சுருங்கினால் அதற்கு அப்பால் இருக்கும் தந்துகிகளில் அழுத்தம் குறையும். நீரை வெளியே தள்ளும் விசை தளர்ந்ததும், ரத்தப் புரதங்களின் ஈர்ப்பு மேலோங்கும். செல்களுக்கிடையே இருக்கும் திரவம் ரத்தக் குழாய்க்குள் வரத் தொடங்கும். சில மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல்கூட வரலாம். சிறுநீரகமோ ஹார்மோன்களின் கட்டளைப்படி உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும்; தாகம் எடுக்கும்.

உள்ளே வரும் திரவத்தில் சிவப்பணுக்கள் இல்லை. அதனால்தான் ஹீமோகுளோபின் பரிசோதனை முதலில் ஏமாற்றும். வெளியேறுவது முழு ரத்தம் என்பதால், மிஞ்சியதன் அடர்த்தி மாறாது: 14 இருந்தவருக்கு 14தான் காட்டும். திரவம் சேரச் சேர எண் இறங்கும். ரத்தக்கசிவு நின்ற பிறகும் மறுநாள் 10 என்று வரலாம்.

இழப்பு 600 மில்லியைத் தாண்டினால் நாடி 100க்கு மேல் ஏறும். மேல் அழுத்தம் அப்படியே நிற்க, கீழ் அழுத்தம் உயரும். 118/76 என்பது 114/90 ஆகும். இந்த இடைவெளி குறுகுவதைக் கவனிக்காமல் ‘பிரஷர் நார்மல்’ என்று சொல்லிவிடுவதுதான் ஆபத்து. கைகால் சில்லிடும், சிறுநீர் குறையும். சுமார் 1,250 மில்லிக்குப் பிறகு மேல் அழுத்தமும் விழும், பேச்சில் குழப்பம் தெரியும். 1,700 மில்லியைத் தாண்டினால் மயக்கம் வரும், சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிடும்.

எல்லோருக்கும் இந்த வரிசை பொருந்தாது. இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி ஏறாமலே போகலாம். கர்ப்பத்தில் ரத்தம் கூடியிருப்பதால், பிரசவித்த தாய் ஒரு லிட்டர் இழந்த பிறகும் நன்றாகவே தோன்றலாம்.

அதிர்ச்சி நீடித்தால் கணக்கு தலைகீழாகும். ஆக்சிஜன் இல்லாத திசுக்களில் அமிலம் சேர, சுருங்கியிருந்த நுண்தமனிகள் தளரும், தந்துகிச் சுவர்கள் ஒழுகும். உள்ளே வந்த திரவமே வெளியேறும். அப்போது சலைனை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ரத்தத்தின் உறையும் திறன் நீர்த்துப்போகும். அவருக்கு வேண்டியது சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணுக்கள். கூடவே கிழிந்த மண்ணீரலின் கசிவை நிறுத்த ஓர் அறுவை மருத்துவர்.