சதுர மீட்டருக்கு இவ்வளவு என்பது விலையல்ல

கிள்ளானில் மண்டபம் கட்ட நினைக்கும் ஆலய நிர்வாகமும், பிரிக்பீல்ட்ஸில் கடைவீட்டை உணவகமாக்க நினைக்கும் குடும்பமும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். மின்சாரம், குளிரூட்டி, குழாய், தீயணைப்பு எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்? வரைபடம் இன்னும் பென்சில் கோடாக இருக்கும்போது விளக்கையும் குழாயையும் எண்ண முடியாது. அதனால் மொத்தத் தரைப்பரப்பை ஒரு வீதத்தால் பெருக்கிச் சொல்வார்கள். கட்டுமானத் தொழிலில் இது ஒழுங்கான, ஏற்கப்பட்ட முறை. கோலாலம்பூர் விலை நிலவரத்தை வைத்து ஜூபிஎம் அண்ட் ஆர்காடிஸ் நிறுவனம் வெளியிடும் கட்டுமானச் செலவுக் கையேட்டில், கட்டட வகைக்கு ஏற்ப இந்த ‘எம் அண்ட் இ’ வேலைகளுக்கு என்றே தனி வீதங்கள் இருக்கின்றன. பொதுப்பணித் துறையான ஜே.கே.ஆரும் அரசுக் கட்டடங்களின் சராசரிச் செலவைச் சதுர மீட்டர் கணக்கில் தொகுக்கிறது.

இந்தத் தொகையை வைத்துத் திட்டத்தைத் தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம், வங்கியில் பேசலாம், நன்கொடை இலக்கு வைக்கலாம். அதை வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் போடக் கூடாது. ஏன் என்பதை ஒரு கணக்கோடு பார்த்தால் எளிதில் விளங்கும்.

கிள்ளானில் ஒரு சங்கம் மூன்று மாடிக் கட்டடம் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே 500 சதுர மீட்டர் திறந்த வாகன நிறுத்துமிடம், முதல் மாடியில் 500 சதுர மீட்டர் மண்டபம், அதற்கு மேல் 500 சதுர மீட்டர் வகுப்பறைகளும் அலுவலகமும். மொத்தம் 1,500. குளிரூட்டி வேலைக்குச் சதுர மீட்டருக்கு 240 ரிங்கிட் என்று ஒருவர் சொல்கிறார். (விளக்கத்துக்காக நான் எடுத்த எண் இது, சந்தை விலை அல்ல.) பெருக்கினால் 360,000 ரிங்கிட். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

அந்த 240 ரிங்கிட் ஏதோ ஓர் அலுவலகக் கட்டடத்திலிருந்து வந்த எண். அங்கே ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.16 கிலோவாட் குளிர்த்திறன் போதும் என்றால், ஒரு கிலோவாட்டுக்கு 1,500 ரிங்கிட் ஆகிறது. நம் கட்டடத்தில் வகுப்பறை மாடிக்கு இந்த அளவு சரி. 500 சதுர மீட்டருக்கு 80 கிலோவாட் வரும். மண்டபம் அப்படியல்ல. திருமண நாளில் 400 பேர் அமர்வார்கள். ஒவ்வொருவரின் உடலும் வெப்பம் விடுகிறது, ஒவ்வொருவருக்கும் வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். நம் ஊர் வெளிக்காற்றில் ஈரம் மிகுதி. அதைக் குளிர்வித்து ஈரத்தைப் பிழிந்தெடுப்பதற்கே பாதிக்கு மேற்பட்ட திறன் போய்விடும். ஆகவே சதுர மீட்டருக்குச் சுமார் 0.4 கிலோவாட், மண்டபத்துக்கு மட்டும் 200 கிலோவாட். இரண்டும் சேர்ந்து 280. கிலோவாட்டுக்கு 1,500 ரிங்கிட் வைத்தால் 420,000 ரிங்கிட்.

வித்தியாசம் 60,000தானே, ஆரம்பக் கணக்கில் இது சகஜம் என்று தோன்றும். உண்மையில் இங்கே இரண்டு பெரிய பிழைகள் ஒன்றையொன்று மறைத்து நிற்கின்றன. குளிரூட்டியே இல்லாத வாகன நிறுத்துமிடத்துக்கு 120,000 ரிங்கிட் கூடுதலாக வைத்திருக்கிறோம். மண்டபத்துக்கு 180,000 ரிங்கிட் குறைவாக வைத்திருக்கிறோம். சில மாதங்கள் கழித்துச் செலவைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் கீழ்த்தளத்தை விட்டுவிடுகிறது. பரப்பு 1,000 ஆகிறது, கணக்கு 240,000 ஆகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் குளிரூட்டியில் ஒரு பொருள்கூடக் குறையவில்லை. தேவை அதே 420,000. மின்தூக்கியும் இப்படித்தான். அதன் விலையைச் சதுர மீட்டருக்குப் பிரித்து எழுதியிருந்தால், கட்டடம் சுருங்கும்போது காகிதத்தில் மின்தூக்கியும் சுருங்கிவிடும்!

குளிரூட்டிக் கணக்குத் தவறினால் மின்சாரக் கணக்கும் தவறும். 280 கிலோவாட் குளிர்ச்சிக்கு ஏறத்தாழ 90 கிலோவாட் மின்சாரம் வேண்டும். 100 ஆம்பியர் மும்முனை இணைப்பு ஒன்று தருவதே 70 கிலோவாட்டுக்குள்தான். விளக்கு, மின்தூக்கி, சமையலறை, தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்ந்தால் அதற்கு மேல் பெரிய இணைப்பு தேவைப்படும். அருகிலுள்ள துணைமின் நிலையத்தில் திறன் மிச்சமில்லை என்றால், உங்கள் நிலத்திலேயே அதற்கு இடம் விடும்படி தெனாகா நேஷனல் கேட்கலாம். இணைப்புக்கான கட்டணம் வேறு. இவை எதுவும் தரைப்பரப்போடு சேர்ந்து ஏறி இறங்குபவை அல்ல.

தீயணைப்பு விதியும் அதேபோலத்தான், சரிவாக ஏறாமல் படிப்படியாக ஏறுகிறது. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகளின்படி, தீயணைப்பு வண்டி நிற்கும் மட்டத்திலிருந்து மேல்மாடி 18.3 மீட்டரைத் தாண்டினால் கட்டடத்துக்கு உலர் ஏற்றுக்குழாய் வேண்டும். 30.5 மீட்டரைத் தாண்டினால் எப்போதும் நீர் நிற்கும் குழாயும் அதற்கான தொட்டியும் பம்புகளும் வேண்டும். ஒரு மாடி கூடுவதால் வரும் செலவு சில நேரம் அந்த மாடியின் பரப்புக்குச் சற்றும் பொருந்தாது.

கிள்ளானுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, முதன்மை மின்பலகையைக் கீழ்த்தள வாகன நிறுத்துமிடத்தில் வைப்பது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். மேலே ஏற்றினால் தடித்த கேபிளின் நீளம் கூடும், மேலே ஓர் அறையும் வேண்டும். சதுர மீட்டர் வீதத்தைப் பார்த்து மின்பலகை எங்கே இருக்கிறது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டில் கதை வேறு. உணவகச் செலவின் பெரும் பங்கு பின்கட்டுச் சமையலறையில் குவிகிறது. புகைபோக்கிக் கூண்டு, கூரை வரை செல்லும் காற்றுக்குழாய், எண்ணெய்ப் பிரிப்பான், எரிவாயுக் குழாய், கூடுதல் மின்னிணைப்பு என்று. சாதாரணக் கடைக்கான வீதத்தை அங்கே போட்டால் பாதி வேலை கணக்கிலேயே இராது.

ஆகவே தொடக்க மதிப்பீடு கையில் வந்ததும் கேட்க வேண்டியவை சில. எந்தப் பரப்பு, வாகன நிறுத்துமிடமும் மொட்டைமாடியும் சேர்ந்ததா? எந்த வகைக் கட்டடத்தின் வீதம், எந்த ஆண்டு விலை? எவை சேரவில்லை? கடைசிக் கேள்வி மிக முக்கியம். தெனாகா கட்டணம், வெளிப்புற வடிகாலும் நீர்க்குழாயும், ஆலோசகர் கட்டணம், சேவை வரி ஆகியவை பெரும்பாலும் வெளியே நிற்கும். 2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி வந்துவிட்டது. குடியிருப்புக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு, மண்டபத்துக்கும் கடைக்கும் அதே விலக்கை எதிர்பார்க்க முடியாது. அதற்கு முந்தைய திட்டங்களிலிருந்து எடுத்த வீதத்தில் இந்த வரி இருக்காது.

உண்மையான ஆபத்து அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது. பி.கியூ. எனப்படும் அளவுப் பட்டியல் வருகிறது. பிரித்துப் பார்த்தால் ‘குளிரூட்டி வேலைகள், ஐட்டம், 360,000’ என்று ஒரே வரி. பெயர்தான் பட்டியல், உள்ளே இருப்பது பழைய பெருக்கல். ஒழுங்கான பட்டியலில் விளக்குப் புள்ளி எத்தனை, 13 ஆம்பியர் பிளக் புள்ளி எத்தனை, எந்தத் தடிப்புக் கேபிள் எத்தனை மீட்டர், எந்தத் திறனில் எத்தனை குளிரூட்டி என்று அளவும் ஒற்றை விலையும் தனித்தனியாக நிற்கும். வரைபடம் முடியவில்லை என்றாலும் தற்காலிக அளவு என்று குறிப்பிட்டு ஒற்றை விலையைப் பெறலாம். வேலை முடிந்ததும் மறுபடி அளந்து பணம் கொடுக்கலாம். ஒற்றை விலை இல்லாத பட்டியலில், நடுவில் பத்துப் புள்ளி கூட்டினாலும் குறைத்தாலும் குத்தகையாளர் சொல்வதுதான் விலை. என்னைக் கேட்டால், ஒற்றை வரிப் பட்டியலைத் திருப்பி அனுப்புவதில் கூச்சமே வேண்டாம் என்பேன்.

இதில் ஒப்பந்த வகையும் கவனிக்க வேண்டியது. மலேசியக் கட்டடக் கலைஞர் கழகத்தின் 2018 பாம் ஒப்பந்தம் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அளவுப் பட்டியலோடு கூடிய வடிவத்தில், பட்டியலில் அளவு தவறினாலோ விடுபட்டாலோ திருத்தி விலையைச் சரிசெய்வார்கள். பட்டியல் இல்லாத வடிவத்தில் வரைபடமும் விவரக்குறிப்புமே அளவுகோல், அளவு தவறிய சுமை பெரும்பாலும் குத்தகையாளருடையது. எதில் கையெழுத்திடுகிறோம் என்று தெரியாமலே பலர் போட்டுவிடுகிறார்கள்.

யார் எழுதித் தருகிறார் என்பதையும் சரிபார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பொறியாளர் மலேசியப் பொறியாளர் வாரியத்திலும், அளவு மதிப்பீட்டாளர் அவர்களுக்கான வாரியத்திலும் பதிந்திருக்க வேண்டும். இரண்டும் 1967ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் வருபவை, முறைகேடு நடந்தால் அங்கே புகார் கொடுக்கலாம். குத்தகையாளரின் சி.ஐ.டி.பி. பதிவையும் அதன் தரத்தையும் பாருங்கள். ஜி1 என்றால் 200,000 ரிங்கிட் வரை, ஜி3 என்றால் 10 லட்சம் ரிங்கிட் வரை, ஜி7க்கு வரம்பில்லை. மின்வேலைக்கு எரிசக்தி ஆணையத்தின் பதிவு தனி.

தகராறு வந்துவிட்டால் வழி எது என்பது நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. உங்கள் சொந்த வீட்டு வேலை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை, மூன்று ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் கோரலாம். சங்கமோ உணவகமோ இந்தக் கதவைத் தட்ட முடியாது, காரணம் அது வீட்டு உபயோகமல்ல.

அவர்களுக்குப் பொருந்துவது 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கும் ‘சிப்பா’, அதாவது 2012ஆம் ஆண்டுக் கட்டுமானக் கட்டண, தீர்ப்பளிப்புச் சட்டம். தனிமனிதர் தாம் குடியிருக்க மட்டும் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்கு அது பொருந்தாது, சங்கத்தின் மண்டபத்துக்குப் பொருந்தும். பலர் இதைக் கட்டட உரிமையாளருக்கான கேடயம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது வேலை செய்தவர் பணம் வாங்குவதற்கான சட்டம். எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தின் கீழ் குத்தகையாளர் கட்டணக் கோரிக்கை அனுப்பினால், 10 வேலைநாளுக்குள் எதை ஏற்கிறோம், எதை ஏன் மறுக்கிறோம் என்று பதில் கொடுக்கலாம். கொடுக்கத் தவறினால் முழுத் தொகையையும் மறுத்ததாகவே சட்டம் கொள்ளும். அதற்காக வாய்மூடி இருப்பது நல்லதல்ல, மறுப்புக்கான காரணத்தை அந்தப் பதிலிலேயே பதிய வேண்டும். விவகாரம் கோலாலம்பூரிலுள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையம் வழியாக ஒரு தீர்ப்பாளரிடம் போகும். இரு தரப்பும் தங்கள் மனுக்களைக் கொடுத்து முடித்தபின் அவருக்கு 45 வேலைநாள் அவகாசம். அவர் முன்னே வைக்க உங்களிடம் ஒற்றை விலையோடு கூடிய பட்டியல், கூடுதல் வேலைக்கு எழுத்தில் கொடுத்த உத்தரவு, தளத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட அளவுக் குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். ‘ஐட்டம், 360,000’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது என்றால், எந்த வேலை அதற்குள் அடங்கும், எது கூடுதல் என்பதை அவருக்கு எடுத்துக்காட்ட உங்களிடம் எதுவும் இராது.