நாவலுக்கு விஷயம் தேடி – 4: கிணற்றின் நடுவே ஒரு சுவர்

சென்ற வாரக் கட்டுரையைப் படித்த அன்பர் ஒருவர், முதல் நாவலுக்கு விஷயம் தேடித் தம்முடைய பால்ய ஞாபகங்களையெல்லாம் கிளறிப் பார்த்ததாகவும், பாட்டி சொன்ன புயல் ஒன்றைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லையென்றும் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினத்துக் கரையில் அடித்த புயல். அதை நானும் நூறு வாய்களில் கேட்டிருக்கிறேன். தென்னை சாய்ந்தது, கூரை பறந்தது, மாடு போயிற்று என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்லுவார்கள். அப்படி எல்லோரும் ஒத்துச் சொல்லும் சம்பவத்தில் முதல் நாவல் எழுதுகிறவனுக்கு அதிக வேலையில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு பேர் சொல்வதில் எங்கே பேதம் விழுகிறதோ, எங்கே சொல்லுகிறவரின் குரல் தாழ்கிறதோ, அங்கேதான் அவன் காதைக் கொடுக்க வேண்டும்.

என் அநுபவத்தையே சொல்லுகிறேன். எங்கள் தாத்தாவின் வீட்டுக் கொல்லைக் கிணற்றின் வாய்க்குக் குறுக்கே கருங்கல் உத்தரம் ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் சின்னத் தாத்தா வீட்டார். சுவர் உத்தரத்தோடு நின்றுவிட்டது. கீழே தண்ணீர் ஒன்றுதான். விடியற்காலையில் இரண்டு ராட்டினங்களும் ஒரே சமயத்தில் கிறீச்சிடும்போது, அடியிலே எங்கள் வாளியும் அவர்கள் குடமும் டங்கென்று மோதிக்கொள்ளும். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்களுக்கிடையே எஞ்சியிருந்த சப்தம் அது ஒன்றே. இது நான் கண்டது.

கேட்டது வேறு. ஒரு கார்த்திகை மாதம் இரட்டைவடச் சங்கிலி ஒன்று காணாமற் போய், பழி சின்னப் பாட்டியின் மேல் விழுந்து, அந்தச் சண்டையினாலேதான் சுவர் வந்தது என்பது பாட்டியின் பாடம். ஆனால் ஒரு கோடை இரவில், திண்ணையில் நான் உறங்குவதாக எண்ணிக்கொண்டு, அந்தச் சுவரைக் கட்டிய கிழக் கொத்தனார் என் தகப்பனாரிடம், “செங்கல்லுக்குப் புரட்டாசியிலேயே அச்சாரம் கொடுத்தாச்சுங்களே, சண்டை அப்புறம்தானே வந்தது” என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. வெற்றிலைச் செல்லத்தை மூடினார். பிற்காலத்தில் 1938-ஆம் வருஷத்துப் பாகப்பத்திரத்தின் நகலை வாங்கிப் பார்த்தேன். அதிலே கிணறு பொது என்று இருந்ததே தவிர, சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இவற்றை ஒரு நோட்டில், கண்டதை இடப்பக்கத்திலும் கேட்டதை வலப்பக்கத்திலுமாக, சொன்னவர் யார், அப்போது உடனிருந்தவர் யார் என்பதோடு எழுதிக்கொண்டேன். உடனிருந்தவரை எழுதுவது வீண்வேலையல்ல. மருமகள் முன்னால் சொன்ன கதையை அவள் இல்லாதபோது பாட்டி வேறாகச் சொல்லுவாள். பிறகு இரு பக்கமும் ஒட்டாத இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். சண்டைக்கு முன்பே தாத்தா செங்கல் வாங்கிவிட்டார் என்றால், யாருடைய வாழ்க்கையெல்லாம் மாறிப் போகிறது? விடை ஒருவரோடு முடிந்தால் அது சிறுகதை. இங்கேயோ, பழி சுமந்த சின்னப் பாட்டி, சங்கிலியை இழந்ததாகச் சொன்ன பாட்டி, உண்மையறிந்து வாய்மூடிய என் தகப்பனார் என்று மூவருடைய முப்பது வருஷமும் புரண்டது.

சுந்தர ராமசாமி தமது முதல் நாவலான ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் (1966) தாமோதர ஆசான் சிறுவர்களுக்குச் சொல்லும் பழைய கதைகளையும், பின்னால் அவ்வூர் கண்ட கடைத்தெருப் போட்டிகளையும் முச்சந்தியில் நின்ற ஒரே மரத்தில் கொண்டுவந்து சேர்த்தார். கேட்டதும் கண்டதும் சந்திக்க ஓர் இடம் வேண்டும். எனக்கு அந்தச் சுவர் வாய்த்தது.

ஆயினும் முதற்பிரதி நூற்றிருபது பக்கத்தில் நொண்டி நின்றுவிட்டது. திரும்பப் படித்தபோது, அத்தியாயத்துக்கு அத்தியாயம் “எனக்கு அப்போது எட்டு வயது” என்றே ஆரம்பிப்பதைக் கண்டேன். தான் பிறப்பதற்கு முன் நடந்த விஷயத்தை அந்தப் பையன் எவ்வாறு அறிவான்? கதவிடுக்கில் நின்று ஒட்டுக்கேட்பதைத் தவிர அவனுக்கு ஒரு காரியமும் இருக்கவில்லை. தன் ஞாபகத்திலிருந்து எடுக்கிறவன், அந்த ஞாபகத்துக்குச் சொந்தக்காரனையே கதாநாயகனாக்கிவிடும் பிசகு இது. நான் அறிந்த பல முதல் நாவல்கள் இதனாலேயே பெட்டிக்குள் கிடக்கின்றன. பையனை வெளியே அனுப்பிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நீரிறைத்த சின்னப் பாட்டியின் கையில் கதையை ஒப்படைத்தேன். (பெயரை மாற்றினால் போதுமென்று எண்ணிவிடாதீர்கள், தொழிலையும் வியாதியையும் வைத்தே ஊரார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.)

அவள் கதையை எழுதத் தொடங்குமுன் நோட்டின் வலப்பக்கத்தை மறுபடி வாசித்தேன். கொத்தனார் “அச்சாரம் கொடுத்தாச்சு” என்றுதான் சொல்லியிருந்தார். கொடுத்தவர் தாத்தா என்று இத்தனை வருஷமாக நானேதான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். யார் கொடுத்தது என்பதை அவர் சொல்லவே இல்லை.