அணைத்து வைத்த போனில் சார்ஜ் இறங்கினால்

பேட்டரி மாற்றி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் நூறு சதவீதம் இருந்த சார்ஜ் மதியத்துக்குள் இருபதுக்கு வந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் போய்ச் சொன்னேன். "ஆப் நிறைய ஓடுது சார், ரீசெட் பண்ணிப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். 'சீக்கிரம் இறங்குகிறது' என்று மட்டும் சொன்னால் இந்தப் பதில்தான் கிடைக்கும். ஆப் மேல் பழி போட முடியாதபடி அளந்து எழுத வேண்டும்.

அதற்கு இரண்டு இரவு போதும். முதல் இரவு முழு சார்ஜ் ஏற்றி, ஏரோபிளேன் மோடில் வைத்தேன். பத்து மணிக்கு 100, காலை ஆறு மணிக்கு 78. நல்ல நிலையில் உள்ள போன் இப்படிக் கிடந்தால் சில சதவீதம்தான் இறங்கும். ஆனாலும் பின்னணியில் ஏதோ ஆப் ஓடியது என்று சொல்ல இடமிருக்கிறது. மறுநாள் இரவு முழு சார்ஜோடு போனை அணைத்தே வைத்தேன். காலையில் 91. அணைந்த போனில் எந்த ஆப்பும் ஓடாது. என் பேட்டரி 4000 மில்லியாம்பியர்-மணி. அதில் ஒன்பது சதவீதம் 360. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால், அணைந்த போனிலிருந்து மணிக்கு 45 கணக்கில் போயிருக்கிறது. புது பேட்டரியின் சார்ஜ் அளவு காட்டும் கணக்கு முதல் சில நாள் சற்றுப் பிசகலாம். அதனால் இன்னொரு இரவும் பார்த்தேன். அதே கதைதான். பேட்டரி சரியில்லை, அல்லது போர்டில் எங்கோ மின்சாரம் கசிகிறது. பேட்டரி மாற்றத் திறந்தபோது ஏதாவது பழுதாகியிருக்கலாம்.

கடிதத்தை இப்படி எழுதினேன்:

"ஐயா, உங்கள் மையத்தில் பேட்டரி மாற்றிய பிறகு, அணைத்து வைத்த நிலையிலும் எட்டு மணி நேரத்தில் 9 சதவீதம் சார்ஜ் குறைகிறது. மாற்றுவதற்கு முன் இப்படி இல்லை. பில், ஜாப் ஷீட் நகல்களையும் இரவும் காலையும் எடுத்த திரைப் படங்களையும் இணைத்துள்ளேன். பேட்டரியின் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கவும், பேட்டரியைக் கழற்றி டி.சி. பவர் சப்ளையில் இணைத்து, பவர் பட்டனை அழுத்தும் முன் போர்டு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்கவும் வேண்டுகிறேன். இரண்டின் முடிவையும் எழுத்தில் தரவும். தவறு பேட்டரியிலோ பொருத்தியதிலோ இருந்தால், வாரண்டியில் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டுகிறேன்."

பவர் சப்ளையில் பார்ப்பது ரிப்பேர் கடைகளில் வழக்கமாகச் செய்யும் சோதனைதான், சில நிமிடத்தில் முடிந்துவிடும். பட்டனை அழுத்தும் முன்பே மீட்டர் முள் நகர்ந்தால் கசிவு போர்டில். முள் அசையாவிட்டால் சந்தேகம் பேட்டரி மேல் திரும்புகிறது.

போனின் பின்மூடி உப்பியிருந்தாலோ, சும்மா கிடக்கும்போதே சுட்டாலோ இந்தச் சோதனை எதற்கும் காத்திருக்க வேண்டாம். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு உடனே கொண்டுபோய்க் கொடுங்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.