எக்செல் தெரியும், பவர் பி.ஐ. தெரியாது: நேர்காணலில் என்ன சொல்வது?

விளம்பரத்தில் கேட்ட தகுதியெல்லாம் இருந்தும் ஒரே ஒரு மென்பொருள் மட்டும் தெரியாமல் போவது, கணக்கு, எம்.ஐ.எஸ். வேலைகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வழக்கமாக நேர்வது. அப்படிக் கேட்கப்படும் மென்பொருள்களில் ஒன்று மைக்ரோசாஃப்ட்டின் பவர் பி.ஐ. எக்செல்லில் பல ஆண்டுகள் மாதாந்திர அறிக்கை தயாரித்தவர்கூட அந்தப் பெயரைப் பார்த்ததும் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார். இல்லாவிட்டால் நேர்காணலில், "சீக்கிரம் கத்துக்குவேன் சார்" என்கிறார். இந்தப் பதிலை எல்லோருமே சொல்வார்கள் என்பதால் எதிரில் இருப்பவருக்கு அதில் பிடிமானம் எதுவும் கிடைப்பதில்லை. இவருக்குத் தெரிந்ததற்கும் தேவைப்படுவதற்கும் எவ்வளவு தூரம், அதை எத்தனை வாரத்தில் கடப்பார், கடந்தாரா என்பதை எதை வைத்துப் பார்ப்பது என்பதே அவருடைய கேள்வி.

முதல் வேலை அந்தத் தூரத்தை அளப்பது. பவர் பி.ஐ.யை ஒரே மலையாகப் பார்க்காமல் பிரித்துப் பார்த்தால், எக்செல்காரருக்கு அதில் ஒரு பகுதி முன்பே தெரிந்ததாக இருக்கும். கோப்புகளை உள்ளே இழுத்து, வேண்டாத வரிகளை நீக்கி, தேதியைச் சரிசெய்து சுத்தப்படுத்தும் பகுதிக்குப் பவர் குவெரி என்று பெயர். எக்செல் 2016 முதல் அதே கருவி 'டேட்டா' பட்டையில் உள்ளேயே இருக்கிறது. அதில் பழகியவர் இந்தப் பகுதியைப் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. புதியவை இரண்டு: அட்டவணைகளை ஒன்றோடொன்று உறவுபடுத்துவது, 'டாக்ஸ்' என்ற சூத்திர மொழி. மூன்றாவதாக, வீட்டில் பழகவே முடியாத ஒரு பகுதியும் உண்டு. பவர் பி.ஐ. டெஸ்க்டாப்பை விண்டோஸ் கணினியில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அறிக்கையை இணையத்தில் ஏற்ற அலுவலக அல்லது கல்வி நிறுவனக் கணக்கு வேண்டும், சொந்த ஜிமெயில் செல்லாது. யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதிகள், அலுவலக சர்வரிலிருந்து தரவு தானாகப் புதுப்பிக்கப்படுவது ஆகியவை நிறுவனத்துக்குள் போனால்தான் கைக்கு வரும். இதை மறைக்காமல் சொல்பவரின் மற்ற கூற்றுகளையும் நம்பத் தோன்றும்.

அடுத்தது, நேர்காணலுக்கு முன்பே சிறிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது. ஆடை விற்கும் மொத்த வியாபாரக் கடையின் அறிக்கையை உதாரணமாகக் கொள்ளலாம். ஓர் அட்டவணையில் ஆண்டு முழுவதற்குமான பில் விவரம்: தேதி, பொருள் குறியீடு, தொகை, லாபம். இன்னொன்றில் பொருள் பட்டியல்: குறியீடு, பெயர், வகை. இப்போது வேலை செய்யும் நிறுவனத்தின் உண்மைத் தரவை இதற்குத் தொடவே கூடாது. அதை வெளியே எடுத்துக்கொண்டு வந்தவரை, நாளை தங்கள் தரவையும் எடுத்துப்போவார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். சொந்தமாக உருவாக்கிய மாதிரித் தரவு போதும்.

எக்செல்லில் இந்த இரண்டையும் சேர்க்க VLOOKUP போடுவது வழக்கம். பொருள் பட்டியலில் ஒரு குறியீடு தவறுதலாக இரண்டு முறை இருந்தால், துல்லியப் பொருத்தம் கேட்ட VLOOKUP முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். பவர் பி.ஐ.யில் அது ஒளிய முடியாது. பட்டியலில் ஒரு குறியீட்டுக்கு ஒரே வரி என்றிருந்தால்தான் 'ஒன்றுக்குப் பல' என்ற உறவு அமையும். இரட்டை வரி இருந்தால் உறவு 'பலவற்றுக்குப் பல' என்று காட்டப்படும், எச்சரிக்கையும் வரும். பில்லில் இருந்து பட்டியலில் இல்லாத குறியீடு என்றால், அறிக்கையில் '(Blank)' என்ற பெயரில் ஒரு வரி தோன்றும். தொடக்கத்தில் பலரும் அந்த வரியை வடிகட்டி மறைத்துவிடுகிறார்கள். உண்மையில் எந்தப் பொருள் விடுபட்டது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கிறது.

சூத்திரத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. 1,000 ரூபாய் பில்லில் 400 ரூபாய் லாபம், அதாவது 40 சதவீதம். 99,000 ரூபாய் பில்லில் 4,950 ரூபாய் லாபம், 5 சதவீதம். வரிக்கு வரி போட்ட சதவீதங்களைச் சராசரி எடுத்தால் 22.5 வரும். மொத்த விற்பனை ஒரு லட்சத்துக்கு மொத்த லாபம் 5,350. சரியான விடை 5.35 சதவீதம். டாக்ஸில் இதை இப்படி எழுத வேண்டும்:

```
Margin % = DIVIDE(SUM(Sales[Profit]), SUM(Sales[Amount]))
```

மொத்தத்துக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், ஒவ்வொரு வகைக்கும் இந்த ஒரே வரி அந்தந்த இடத்துக்கேற்பக் கணக்கிட்டுக்கொள்ளும். வந்த விடையை எக்செல் பிவட் அட்டவணையின் விடையோடு மாதவாரியாக ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று உறுதி செய்து வைத்துக்கொள்ள வேண்டும். வண்ண வண்ண வரைபடங்களைவிட இந்த ஒப்பீட்டுத் தாள்தான் நேர்காணலில் எடுபடும்; புதிய கருவியில் தவறான எண் வந்தால் இவர் கண்டுபிடிப்பார் என்பதற்கு அதுவே சாட்சி.

இவ்வளவும் செய்தபின் திட்டம் எழுதுவது எளிது, அரைப் பக்கம் போதும். வேலையில் சேர்ந்த முதல் வாரம், அங்கே இருக்கும் ஓர் அறிக்கையைத் திறந்து அதன் உறவுகளையும் சூத்திரங்களையும் படித்துப் புரிந்துகொள்வது. இரண்டாம் வாரம், எக்செல்லில் ஓடும் ஒரு மாத அறிக்கையைப் பவர் பி.ஐ.யில் மறுபடி கட்டுவது. மூன்றாம், நான்காம் வாரங்களில் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். எண்கள் ஒத்துப்போகும் வரை பழையதை நிறுத்துவதில்லை. நிறுவனத்தின் வேலை ஒருநாளும் நிற்காது என்பதால் இந்தக் கடைசி ஏற்பாடு மேலாளருக்கு மிக முக்கியம். "தினமும் இரண்டு மணி நேரம் வீடியோ பார்ப்பேன்" என்பது உழைப்பைத்தான் சொல்கிறது. எந்த வாரம் எது கையில் வரும் என்று சொன்னால்தான் அது திட்டம்.

பேசும்போது சுற்றி வளைக்க வேண்டியதில்லை. "மேடம், பவர் பி.ஐ. வேலையில பயன்படுத்தினதில்லை. பவர் குவெரி எக்செல்ல பழக்கம். மாதிரித் தரவுல ஒரு ரிப்போர்ட் பண்ணிப் பார்த்தேன், எண்களை பிவட்டோட டேலி பண்ணியிருக்கேன். ஷேரிங், ரிஃப்ரெஷ் ரெண்டும் இங்க வந்துதான் பழகணும்." இவ்வளவே. பயோடேட்டாவிலும் பவர் பி.ஐ.யைத் தெரிந்த மென்பொருள்களோடு சேர்க்காமல், 'சொந்தப் பயிற்சி, மாதிரி அறிக்கை ஒன்று' என்று தனியே குறிப்பதே சரி. 'தெரியும்' என்று போட்டுவிட்டால் ஒரே ஒரு டாக்ஸ் கேள்வியில் மாட்டிக்கொள்ள நேரும்.

எல்லா மென்பொருளுக்கும் இந்த வழி அப்படியே பொருந்தாது. எஸ்.ஏ.பி. போன்றவற்றை வீட்டில் நிறுவி அலுவலகத்தில் ஓடுவதுபோலப் பழகுவது எளிதல்ல. அங்கே காட்ட வேண்டியது வேலையின் ஓட்டம்: கொள்முதல் ஆணை, சரக்கு வந்த பதிவு, விற்பவரின் பில் மூன்றையும் ஒப்பிட்டபின் பணம் விடுவிப்பதை டேலியிலும் கைக்கணக்கிலும் செய்தவர், எஸ்.ஏ.பி.யில் எந்தத் திரையில் எதைத் தேட வேண்டும் என்பதை அறிந்தே உள்ளே போகிறார். பதவியின் பெயரே 'பவர் பி.ஐ. டெவலப்பர்' என்றிருந்தால் நான்கு வாரத் திட்டம் எடுபடாது. அங்கே கருவிதான் வேலை. அதற்கு ஏற்கெனவே கட்டிய அறிக்கைகளோடுதான் போக வேண்டும். அறிக்கை தயாரிப்பு வேலையாக இருந்து, கருவி அதில் ஒரு பகுதி மட்டும் என்றால், விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம்.