24 பேர், 48 கைகள், ஒரு மாலை

ஞாயிறு காலை முகூர்த்தம், சனிக்கிழமை மாலை வரவேற்பு. அப்படியென்றால் மருதாணி மாலையை வியாழக்கிழமை வைத்துக்கொள்வதுதான் சரி. பல வீடுகளில் வெளியூர்ச் சொந்தங்கள் வந்து சேரட்டும் என்று வெள்ளிக்கிழமை இரவுக்குத் தள்ளுகிறார்கள். இயற்கை மருதாணி பற்று உதிர்ந்ததும் ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும். அது கருஞ்சிவப்பாக ஏற ஒன்று முதல் இரண்டு நாள் ஆகும். வெள்ளி இரவு போட்டால் வரவேற்புப் படங்களில் மணப்பெண்ணின் கை இன்னும் வெளிறித்தான் தெரியும்.

தேதி முடிவானதும் கலைஞரைப் பிடிக்க வேண்டும். முகூர்த்த மாதங்களில் நல்லவர்கள் வெகு சீக்கிரம் நிறைந்துவிடுவார்கள். படங்களைப் பார்த்து மயங்குவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கோனில் என்ன இருக்கிறது? பொடி, எலுமிச்சைச் சாறு அல்லது தண்ணீர், சர்க்கரை, நீலகிரித் தைலம் போன்ற வாசனை எண்ணெய், இவ்வளவுதான் பதில் வர வேண்டும். ராஜஸ்தானின் சோஜத் ஊர்ப் பொடிக்குத் தனிப் பெயர் உண்டு, 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கலைஞர் சொந்தமாகக் குழைக்கும் கலவை வெளியில் வைத்தால் சில நாட்களில் வீரியம் இழந்துவிடும். அதனால் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து வருவார்கள். மாதக்கணக்கில் கடை அலமாரியில் கிடக்கும் கோன், மண்ணெண்ணெய் போல வாடை அடிக்கும் கோன், ஒரே மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோன், மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள். 'கறுப்பு மருதாணி' என்று விற்பதில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கும். அது சிலருக்குத் தோலில் கொப்புளமே போட்டுவிடும். முன்கூட்டியே ஒரு கோன் வாங்கி, மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனி நேரக் கணக்கு. மணப்பெண்ணுக்கு முழங்கை வரை இரு பக்கமும், பாதமும் போட நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அவருக்கென்று ஒருவர் மதியம் 2 மணிக்கே உட்கார்ந்துவிட வேண்டும். மணப்பெண் சாப்பிட்டுவிட்டு, குளியலறைக்குப் போய்வந்து, தலையைப் பின்னிக்கொண்டு, கையில்லாத சட்டையில் உட்காரட்டும். பிறகு எழுந்திருப்பது கஷ்டம்.

தோழிகளும் அத்தை, மாமா, பெரியப்பா, சித்தி வீட்டுப் பெண்களுமாக 24 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் உள்ளங்கைக்கு எளிய வடிவம் 10 நிமிடம். இரண்டு கைக்குமாக 24 பேருக்கு 480 நிமிடம், அதாவது எட்டு மணி நேரம். ஒரே கலைஞரை வைத்துக்கொண்டு 'எல்லாருக்கும் போட்டுவிடலாம்' என்று நினைக்கும் வீட்டில் நள்ளிரவில் பெரியம்மா பெண் தூக்கக் கண்ணோடு காத்திருப்பது இதனால்தான். விருந்தினருக்கு இரண்டு பேர் வேண்டும். எத்தனை கைக்கு என்ன தொகை, கூடுதல் கைக்கு எவ்வளவு என்பதையும் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும்.

இரண்டு பேர் இருந்தாலும் நான்கு மணி நேரம் ஆகும். இங்கேதான் ஒரு சின்ன உத்தி சாப்பாட்டுப் பிரச்சினையையும் சேர்த்துத் தீர்க்கிறது. 4.30 முதல் 6.30 வரை எல்லாருக்கும் இடது கை மட்டும். 6.30க்கு டிபன். வலது கை சும்மா இருக்கிறதே, அதனால் வழக்கம்போலவே சாப்பிடலாம். 7 மணிக்குமேல் 9 வரை வலது கை. இடதுகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதை அப்படியே மாற்றிக்கொள்ளலாம். முதலில் உட்காருபவர்களும் குழந்தைகளும் யார் என்பதற்கு டோக்கன் கொடுத்துவிட்டால் தள்ளுமுள்ளு இல்லை.

டிபனில் சாம்பார், குருமா, சால்னா, ஜீராவில் ஊறும் இனிப்பு எதுவும் வேண்டாம். சொட்டினால் கோலம் கலையும். மினி இட்லியை நல்லெண்ணெய்ப் பொடியில் பிரட்டிக் குச்சியில் குத்தி வைக்கலாம். எண்ணெய் வடிந்த பிறகு குத்துவது முக்கியம். குழிப்பணியாரம், சின்ன கட்லெட், ஒரே வாயில் போகும் ரவா லட்டு, இவையெல்லாம் கைக்கும் வாய்க்கும் ஏற்றவை. மோர், நன்னாரி, ரோஸ்மில்க் எல்லாம் டம்ளரில் ஸ்ட்ரா போட்டு வைக்க வேண்டும். இரண்டு கையும் போட்ட பிறகு தாகம் எடுப்பவர்களுக்கும் அதுதான் துணை.

மணப்பெண்ணுக்கோ எதையும் தொட முடியாது. பக்கத்தில் ஓர் அத்தையோ சித்தியோ ஒரு துண்டோடு உட்கார்ந்து, பணியாரத்தைப் பிட்டு, "ஆ காட்டுடி" என்று ஊட்ட வேண்டியதுதான். அந்த வேலைக்கு ஆளை முன்பே சொல்லி வையுங்கள். அதே ஆள் அவருடைய போனையும் எடுத்துப் பேசக் கொடுக்கலாம்.

போட்ட இடத்தில் ஏ.சி.யை ஓங்கி வைக்க வேண்டாம். கை சில்லிட்டால் நிறம் ஏறாது. பற்று காய்ந்ததும் எலுமிச்சை-சர்க்கரைக் கரைசலைப் பஞ்சில் தொட்டு மெல்ல ஒற்ற வேண்டும், பற்று உதிராமல் இருக்கும். ஆறு மணி நேரமாவது கையில் இருக்கட்டும். காலையில் தண்ணீர் விடாமல் சுரண்டி எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவி, வெள்ளிக்கிழமை முழுவதும் சோப்பு படாமல் பார்த்துக்கொண்டால் ஞாயிறு காலை தாலி கட்டும் நேரத்தில் கை நன்றாகச் சிவந்திருக்கும்.